காயம் ஆறுதல்: சர்ஜரி தியரி தாளில் விடை எழுத ஒரு வழிகாட்டி

இறுதியாண்டு இன்டர்னல் தேர்வில் காயம் ஆறுவதைப் பற்றி 15 மதிப்பெண் கேள்வி வந்தது. ஆறும் கட்டங்கள், ஆறுவதைத் தாமதப்படுத்தும் காரணிகள், காயத்தை மூடும் வகைகள் என மூன்றையும் சேர்த்துக் கேட்டிருந்தார்கள். தெரிந்த கேள்விதானே என்று ஐந்து பக்கம் எழுதினேன். கிடைத்தது 6 மதிப்பெண்.

தாளைத் திருத்திய மேடத்திடம் போய்க் கேட்டேன். "நீ எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்லம்மா. ஆனா மூணு லிஸ்ட் இருக்கு, மூணும் தனித்தனியா நிக்குது. சர்க்கரை நோயாளிக்குக் காயம் ஏன் ஆறலைன்னு கேட்டா, இந்த அஞ்சு பக்கத்துல பதில் எங்க இருக்கு, காட்டு" என்றார். என்னால் காட்ட முடியவில்லை. 'டயாபடீஸ்' என்ற ஒரு சொல் மட்டும் ஏழாவது வரியில் இருந்தது.

அதன் பிறகு வார்டில் டிரஸ்ஸிங் போட்ட நாட்களில்தான் இந்த மூன்றும் ஒரே கதை என்பது புரிந்தது. எந்த நாளில் காயத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், எந்தக் காரணி எங்கே தடுக்கிறது என்று தெரியும். அது தெரிந்தால் காயத்தை இன்று மூடலாமா, நான்கு நாள் பொறுக்கலாமா என்பதும் தெரியும். விடையையும் அந்த வரிசையில்தான் கட்ட வேண்டும். எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன். தேர்வில் ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள் என்பதால், கலைச்சொற்களை நாம் வார்டில் சொல்கிறபடியே விட்டிருக்கிறேன்.

1. பேனாவைத் தொடும் முன் நேரத்தைப் பிரியுங்கள்

தாள் 100 மதிப்பெண்ணுக்கு, நேரம் 3 மணி. வினாத்தாளைப் படிக்கவும் கடைசியில் ஒருமுறை பார்க்கவும் 10 நிமிடம் ஒதுக்கினால், ஒரு மதிப்பெண்ணுக்கு 1.7 நிமிடம் கிடைக்கும். 15 மதிப்பெண் கேள்விக்கு 25 நிமிடம், 5 மதிப்பெண் ஷார்ட் நோட்ஸுக்கு 8 நிமிடம். இதற்கு மேல் ஒரு நிமிடம் எடுத்தாலும் அது வேறொரு கேள்வியிலிருந்து போகிறது.

அடுத்து, கேள்விக்குள் மதிப்பெண் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பாருங்கள். 5+5+5 என்று இருந்தால் மூன்றுக்கும் சமமாக எட்டு நிமிடம். பிரித்துக் கொடுக்கவில்லை என்றால் நீங்களே பிரித்துக்கொள்ள வேண்டும். நான் செய்த பெரிய தவறு இங்கேதான். கட்டங்கள் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் மூன்றரைப் பக்கம் அதற்கே போயிற்று. மூடும் வகைகளுக்குக் கால் பக்கம்தான் மிஞ்சியது. ஐந்து மதிப்பெண் பகுதிக்கு எவ்வளவு எழுதினாலும் ஐந்துக்கு மேல் தர முடியாது.

கையில் இருக்க வேண்டியவை பேனா, பென்சில், ஸ்கேல். வண்ணப் பென்சில் தேவையில்லை. தயாரிப்புக்கு ஒரு சர்ஜரி பாடப்புத்தகமும் பழைய வினாத்தாள்களும் போதும். பழைய வினாத்தாள்களை ஒரு சீனியர் அக்காவிடம் வாங்கி ஜெராக்ஸ் எடுத்தேன், ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை. புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை முழுதாக ஒருமுறை படித்துவிட்டு, பிறகு வினாத்தாளை வைத்து எழுதிப் பழகுங்கள். இரண்டு புத்தகங்களை ஒரே நேரத்தில் விரித்து வைத்தால் நாள் கணக்கு ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும், குழப்பம்தான் மிஞ்சும். ஒரு புத்தகத்தின் கணக்கை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே எழுதுங்கள்.

2. முதலில் ஒரு கோடு போடுங்கள்

விடையின் முதல் பக்கத்தில், வரையறை எழுதிய உடனே, பென்சிலால் குறுக்காக ஒரு நேர்கோடு. அதில் நாள் 0, 1, 3, 7, 21, பிறகு 3 மாதம், 1 ஆண்டு என்று குறியிடுங்கள். கோட்டுக்கு மேலே கட்டங்களின் பெயர்கள், கீழே அந்தந்த நாளில் காயத்துக்கு வரும் செல்களின் பெயர்கள். இரண்டு நிமிட வேலை.

இதில் ஒரு விஷயத்தை மறக்காமல் காட்டுங்கள். கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும். ஒன்று முடிந்து மணி அடித்து அடுத்தது தொடங்குவதில்லை. ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு மேடு போல வரைந்து, ஒரு மேட்டின் இறக்கமும் அடுத்ததன் ஏற்றமும் ஒன்றையொன்று வெட்டும்படி விடுங்கள்.

கட்டங்கள் மூன்றா நான்கா என்று தேர்வு நேரத்தில் தடுமாறாதீர்கள். ஹீமோஸ்டேசிஸைத் தனியாக எண்ணினால் நான்கு, இன்ஃப்ளமேஷனுக்குள் சேர்த்தால் மூன்று. "ஹீமோஸ்டேசிஸ் உட்பட நான்கு கட்டங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் எந்தப் புத்தகம் படித்த தேர்வாளருக்கும் சரியாகவே இருக்கும்.

3. கட்டங்களை எழுதும் முறை: யார் வருகிறார், எதற்கு வருகிறார்

ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று செய்திகள் போதும்: எப்போது, எந்தச் செல், அது செய்யும் வேலை என்ன. வளர்ச்சிக் காரணிகளின் பெயர்களை அட்டவணையாக அடுக்கி நேரத்தை வீணாக்காதீர்கள். கட்டத்துக்கு ஒன்றிரண்டு போதும்.

ஹீமோஸ்டேசிஸ் நிமிடக் கணக்கில் நடக்கிறது. இரத்தக்குழாய் சுருங்குகிறது, பிளேட்லெட்டுகள் ஒட்டி அடைப்பை உண்டாக்குகின்றன, ஃபைப்ரின் வலை அதன்மேல் படிகிறது. இரத்தத்தை நிறுத்துவதோடு பிளேட்லெட்டின் வேலை முடிவதில்லை. அதன் துகள்களிலிருந்து வெளிவரும் பிளேட்லெட் டிரைவ்டு குரோத் ஃபேக்டரும் டிரான்ஸ்ஃபார்மிங் குரோத் ஃபேக்டர் பீட்டாவும்தான் அடுத்து வர வேண்டிய செல்களை அழைக்கின்றன. இந்த ஒரு வரி இருந்தால் முதல் கட்டம் இரண்டாவதோடு கட்டுப்பட்டுவிடும்.

இன்ஃப்ளமேட்டரி கட்டம் முதல் இரண்டு மூன்று நாட்கள். சுருங்கிய குழாய்கள் இப்போது விரிகின்றன. சுவரின் இடுக்குகள் வழியே திரவமும் செல்களும் வெளியே வருகின்றன. காயத்தைச் சுற்றிச் சிவப்பும் சூடும் வீக்கமும் தெரிவது இதனால்தான். முதலில் நியூட்ரோஃபில்கள் வந்து 24 முதல் 48 மணி நேரத்தில் உச்சத்தை எட்டும். அவற்றின் வேலை கிருமியையும் செத்த திசுவையும் அப்புறப்படுத்துவது. இரண்டாவது நாளிலிருந்து மேக்ரோஃபேஜ்கள் பெருகுகின்றன.

மேக்ரோஃபேஜுக்கு இரண்டு வரி கூடுதலாக ஒதுக்குங்கள். கிருமி இல்லாத காயம் நியூட்ரோஃபில் குறைவாக இருந்தாலும் ஆறிவிடும், மேக்ரோஃபேஜ் இல்லாமல் ஆறாது. துப்புரவு முடிந்ததைக் கண்டு ஃபைப்ரோபிளாஸ்டையும் புதிய இரத்தக்குழாயையும் வரவழைப்பது மேக்ரோஃபேஜ்தான். அழிக்கும் வேலையிலிருந்து கட்டும் வேலைக்குக் காயம் திரும்புவது இந்தச் செல்லின் கையில் இருக்கிறது. பின்னால் ஸ்டீராய்டு பற்றி எழுதும்போது இந்த வரி உதவும்.

ப்ரோலிஃபரேட்டிவ் கட்டம் மூன்றாவது நாள் முதல் மூன்றாவது வாரம் வரை. இதில் நான்கு வேலைகள் நடக்கின்றன: புதிய இரத்தக்குழாய் முளைப்பது, ஃபைப்ரோபிளாஸ்ட் கொலாஜன் இடுவது, ஓரத்திலிருந்து எபிதீலியம் நகர்ந்து மூடுவது, காயம் சுருங்குவது. குழாய்களும் ஃபைப்ரோபிளாஸ்ட்டும் அழற்சிச் செல்களும் சேர்ந்ததுதான் கிரானுலேஷன் திசு. டிரஸ்ஸிங் பிரிக்கும்போது செக்கச் சிவப்பாக, மணிமணியாக, தொட்டால் இலேசாக இரத்தம் கசிகிற அதே திசு.

இந்தக் கட்டத்தில் இடப்படும் கொலாஜனில் மூன்றாம் வகை கூடுதல். கொலாஜன் இழையில் உள்ள புரோலினும் லைசினும் ஹைட்ராக்சில் ஏற்றப்பட்டால்தான் மூன்று இழைகள் உறுதியாக முறுக்கிக்கொள்ளும். அதற்கு வைட்டமின் சி, இரும்பு, ஆக்சிஜன் மூன்றும் வேண்டும். இதை இங்கேயே எழுதி வையுங்கள். அடுத்த பகுதியில் பாதி காரணிகள் இந்த ஒரே வரியிலிருந்து பிறக்கின்றன.

ரீமாடலிங் கட்டம் மூன்றாவது வாரத்தில் தொடங்கி ஓராண்டு வரையும் அதற்கு மேலும் நீளும். மூன்றாம் வகைக் கொலாஜன் கரைந்து முதல் வகை அந்த இடத்தைப் பிடிக்கிறது. இழைகள் இழுவிசையின் திசையில் ஒழுங்காகின்றன, குறுக்குப் பிணைப்புகள் கூடுகின்றன. இரத்தக்குழாய்கள் குறைவதால் சிவந்த தழும்பு வெளுக்கிறது. மூன்று வாரத்துக்குப் பிறகு கொலாஜனின் அளவு பெரிதாகக் கூடுவதில்லை, ஆனாலும் வலு கூடிக்கொண்டே போகும். வலு வருவது அளவினால் மட்டும் இல்லை, பிணைப்பினாலும்தான்.

வலுவுக்கு மூன்று எண்கள் போதும். தைத்த தோல் காயத்துக்கு ஒரு வாரத்தில் இயல்பான தோலின் வலுவில் சுமார் 10 விழுக்காடு வரும். மூன்று மாதத்தில் 70 முதல் 80. நூறு ஒருநாளும் வராது. இதை ஏறுமுகமான ஒரு வளைகோடாக, ஏற்கெனவே போட்ட நேர்கோட்டின் மேலேயே வரைந்துவிடலாம், தனிப்படம் வேண்டாம்.

4. காரணிகளைக் கட்டத்தில் தொங்கவிடுங்கள்

எல்லாரும் எழுதுவது இடக் காரணிகள், உடல் முழுவதையும் சார்ந்த காரணிகள் என்ற இரண்டு பத்திகள். அந்தத் தலைப்புகளை எழுதத்தான் வேண்டும், திருத்துபவர் அவற்றைத் தேடுவார். ஆனால் ஒவ்வொரு காரணியின் பக்கத்திலும் அது எந்தக் கட்டத்தை, எப்படித் தடுக்கிறது என்று அரை வரி சேர்த்தால் விடையின் முகமே மாறிவிடும். இருபது காரணியைப் பெயர் மட்டும் எழுதுவதைவிட எட்டைக் காரணத்தோடு எழுதுவது மேல்.

இடக் காரணிகளில் முதலிடம் கிருமித் தொற்றுக்குத்தான். ஒரு கிராம் திசுவில் கிருமிகளின் எண்ணிக்கை 10⁵-ஐத் தாண்டினால் காயம் இன்ஃப்ளமேட்டரி கட்டத்திலேயே நின்றுவிடுகிறது. நியூட்ரோஃபில்கள் வந்துகொண்டே இருக்கின்றன, அவை விடும் என்சைம்கள் புதிதாக இட்ட கொலாஜனையும் தின்றுவிடுகின்றன. செத்த திசு, தேங்கிய இரத்தம், உள்ளே தங்கிவிட்ட மண்ணோ நூலோ எல்லாம் இதே வழியில்தான் கெடுக்கின்றன. கிருமி ஒளிந்துகொள்ள இடம் தருகின்றன. நான்கையும் ஒரே பத்தியில் எழுதலாம்.

இரத்த ஓட்டக் குறைவு அடுத்தது. ஆக்சிஜன் இல்லையென்றால் நியூட்ரோஃபில் கிருமியைக் கொல்ல முடியாது, கொலாஜனும் சரியாக முறுக்கிக்கொள்ளாது. இறுக்கித் தைப்பதும் இதில் சேரும். ஓரங்களை இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டால் நூலுக்குள் இருக்கும் தோலுக்கே இரத்தம் போகாது. கதிர்வீச்சு பெற்ற இடத்தில் சிறு தமனிகள் உள்ளுக்குள் தடித்து அடைபட்டிருக்கும் என்பதால் அங்கேயும் இதே கதைதான்.

உடல் சார்ந்த காரணிகளில் நீரிழிவுக்குத்தான் அதிக இடம் கொடுங்கள். அது ஒரே கட்டத்தைத் தொட்டுவிட்டுப் போவதில்லை. சர்க்கரை ஏறியிருக்கும்போது நியூட்ரோஃபில் சரியாக நகராது, கிருமியை விழுங்காது, ஆகவே தொற்று வருகிறது. இரத்தக்குழாய் நோயால் ஆக்சிஜன் குறைகிறது, கொலாஜன் இடுவது குறைகிறது. நரம்பு மரத்துப் போவதால் காலில் மறுபடி மறுபடி அடிபடுவதே தெரிவதில்லை. மேடம் கேட்ட கேள்விக்குப் பதில் இந்த மூன்று வரிகள்தான்.

ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும் மருந்து. மேக்ரோஃபேஜ் வருவதே குறைந்தால் அடுத்த கட்டத்துக்கான அழைப்பு போகாது. அதனால்தான் காயம் பட்ட முதல் மூன்று நான்கு நாட்களில் கொடுத்தால் கெடுதல் அதிகம், அதன் பிறகு கொடுத்தால் குறைவு. ஸ்டீராய்டின் இந்தத் தடையை வைட்டமின் ஏ ஓரளவு நீக்கும் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

சத்துக்குறைவில் புரதம் குறைந்தால் கொலாஜனுக்கு மூலப்பொருளே இல்லை. வைட்டமின் சி குறைந்தால் ஹைட்ராக்சில் ஏறாது, துத்தநாகம் குறைந்தால் செல் பெருக்கமும் எபிதீலியமும் பின்தங்கும். புகைபிடித்தலில் நிகோட்டின் குழாயைச் சுருக்குகிறது, கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனின் இடத்தைப் பிடிக்கிறது. திட்டமிட்ட அறுவை என்றால் நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது இதற்காகத்தான். முதுமை, மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய் மருந்துகள் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கடந்துவிடலாம்.

இரத்தசோகையில் ஒரு பொறி இருக்கிறது. இலேசான சோகை மட்டுமே காயத்தைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. இரத்தத்தின் கொள்ளளவு குறைந்து திசுவுக்கு ஓட்டமே போகாத நிலைதான் கெடுக்கிறது. 'அனீமியா' என்று மட்டும் எழுதாமல் 'கடுமையான சோகை, ஹைப்போவோலீமியா' என்று எழுதுங்கள்.

5. மூடும் வகைகள்: எது, யாருக்கு, எந்த நாளில்

பிரைமரி இன்டென்ஷன் என்றால் ஓரங்களைச் சேர்த்து உடனே மூடுவது. சுத்தமான, செத்த திசு இல்லாத, இழுக்காமல் ஓரம் சேரக்கூடிய காயத்துக்கு இது. பொதுவாக அடிபட்டு 6 முதல் 8 மணி நேரத்துக்குள். முகத்தில் இரத்த ஓட்டம் மிகுதி என்பதால் 24 மணி நேரம் வரை மூடலாம். எபிதீலியம் 48 மணி நேரத்துக்குள் மேலே மூடிவிடும். கிரானுலேஷன் மிகக் குறைவு, தழும்பு மெல்லியது. நூல், ஸ்டேப்லர், ஒட்டும் டேப், பசை எல்லாம் இதன் கருவிகள் மட்டுமே. அவற்றையே 'வகைகள்' என்று எழுதி முடித்துவிடுவது பலர் செய்யும் தவறு.

செகண்டரி இன்டென்ஷன் என்றால் திறந்தே விட்டு அடியிலிருந்து ஆற விடுவது. திசு இழப்பு அதிகமான, சீழ் பிடித்த, ஓரம் சேராத காயங்களுக்கு. இங்கே கிரானுலேஷன் திசு குழியை நிரப்புகிறது, மயோஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் ஓரத்தை உள்ளே இழுக்கின்றன, எபிதீலியம் ஓரத்திலிருந்து ஊர்ந்து மூடுகிறது. நாளாகும், தழும்பும் பெரிது. கான்ட்ராக்ஷன், கான்ட்ராக்சர் என்ற இரண்டு சொற்களையும் இங்கேதான் குழப்பிக்கொள்வோம். காயம் சிறிதாவது கான்ட்ராக்ஷன், அது வேண்டிய வேலை. அதுவே மூட்டின் மேல் அளவு மீறி மூட்டை மடக்கிப் பிடித்தால் கான்ட்ராக்சர், அது சிக்கல்.

டெர்ஷியரி இன்டென்ஷன் என்பதும் டிலேய்டு பிரைமரி க்ளோஷர் என்பதும் ஒன்றே. இரண்டையும் இரண்டு வகையாக எண்ணி எழுதாதீர்கள். கிருமி படிந்த காயத்தைக் கழுவி, செத்த திசுவை வெட்டி எடுத்துவிட்டு, ஈரத் துணி வைத்துத் திறந்தே விடுகிறோம். 3 முதல் 5 நாள் கழித்துப் பார்த்து, சீழும் செத்த திசுவும் சுற்றுச் சிவப்பும் இல்லையென்றால் ஓரங்களைச் சேர்த்துத் தைக்கிறோம்.

ஏன் அந்த நாள்? போட்ட கோட்டைத் திரும்பப் பாருங்கள். நான்காம் நாளுக்குள் நியூட்ரோஃபிலும் மேக்ரோஃபேஜும் துப்புரவை முடித்திருக்கும், புதிய குழாய்கள் முளைக்கத் தொடங்கியிருக்கும். காயம் கிருமியை எதிர்க்கும் நிலையில் இருக்கும். கொலாஜனோ இப்போதுதான் தொடங்குகிறது. ஆகவே நான்கு நாள் பொறுத்ததால் வலுவில் இழப்பு ஏதும் இல்லை, முதல் நாளே மூடிய காயத்துக்கு ஈடாகவே வலு ஏறும். கட்டங்களையும் மூடும் வகைகளையும் இணைக்கும் பாலம் இந்தப் பத்தி. இதை எழுதாமல் விடாதீர்கள். கிரானுலேஷன் நன்றாக நிரம்பிய பிறகு, பத்து நாள் கழித்துத் தைத்தால் அதற்கு செகண்டரி சூச்சரிங் என்று பெயர்.

பெரிய திசு இழப்புக்குத் தோல் ஒட்டு, ஃபிளாப் என்று ஒரு வரி எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். அது வேறு கேள்வி.

6. ஒரு நோயாளியை வைத்து எழுதிப் பாருங்கள்

இப்போதைய தாள்களில் நோயாளியின் கதையோடு கேள்வி வருவது கூடியிருக்கிறது. நான் பழகிய ஒன்று இது. 54 வயது ஆண், லாரி ஓட்டுநர், பத்து ஆண்டாக நீரிழிவு, தினமும் பீடி. நான்கு நாள் வயிற்று வலிக்குப் பிறகு வந்தார். குடல்வால் ஓட்டையாகி வயிறு முழுக்கச் சீழ். நடுக்கோட்டில் திறந்து அறுவை செய்தாயிற்று. சர்க்கரை 290, ஆல்புமின் 2.6. காயத்தை எப்படி மூடுவீர்கள், ஆறுவது ஏன் தாமதமாகும்?

முதலில் காயத்தை வகைப்படுத்துங்கள். சுத்தம், சுத்தம் ஆனால் மாசு வாய்ப்புள்ளது, மாசுபட்டது, சீழ் பிடித்தது என்ற நான்கில் இது நான்காவது. ஆகவே தோலை இன்று மூடக் கூடாது. ஆனால் வயிற்றுச் சுவரின் உறையை மூடியாக வேண்டும். இங்கேதான் நானும் தவறினேன், 'காயத்தைத் திறந்து விடுவேன்' என்று பொதுவாக எழுதிவிட்டேன். திறந்து விடுவது தோலும் கொழுப்பும் மட்டும். உறையை மெதுவாகக் கரையும் அல்லது கரையாத நூலால், தொடர் தையலாக, காயத்தின் நீளத்தைப் போல குறைந்தது நான்கு மடங்கு நூல் செலவாகும்படி தைக்க வேண்டும். உறைக்கு வலு வர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை தாங்குவது நூல்தான்.

அடுத்து, காரணிகளைக் கோட்டில் வையுங்கள். சீழும் சர்க்கரையும் இன்ஃப்ளமேட்டரி கட்டத்தை நீட்டும். ஆல்புமின் குறைவும் பீடியும் ப்ரோலிஃபரேட்டிவ் கட்டத்தில் கொலாஜனைக் குறைக்கும். இவற்றில் சரிசெய்யக்கூடியவற்றுக்குச் செயலையும் எழுதுங்கள்: இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை 180-க்குக் கீழ் வைத்திருப்பது, கல்ச்சர் பார்த்து ஆன்டிபயாடிக், குடல் வேலை செய்ததும் புரத உணவு, பீடியை நிறுத்தச் சொல்வது.

நான்காம் நாள் டிரஸ்ஸிங் பிரிக்கிறோம். மேல் பகுதி சிவந்து சுத்தமாக இருக்கிறது, கீழ் மூன்றில் ஒரு பங்கில் மஞ்சள் படலமும் வாடையும். இன்று தைக்கலாமா? கூடாது. காலண்டர் நான்கைக் காட்டினாலும் காயம் இன்னும் இரண்டாம் நாளில் நிற்கிறது. நாள் கணக்கு ஒரு வழிகாட்டி மட்டும்தான், தைப்பதா வேண்டாமா என்பதைக் காயத்தின் முகம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். படலத்தை நீக்கி, தினமும் டிரஸ்ஸிங். பத்தாம் நாள் வாக்கில் முழுதும் செக்கச் சிவந்து, தட்டையாக, கசிவு இல்லாமல் இருந்தால் செகண்டரி சூச்சரிங். வெளிறி, வீங்கி, தோலுக்கு மேலே துருத்திக்கொண்டு கிரானுலேஷன் இருந்தால் அது ஆரோக்கியமானது இல்லை, இன்னும் பொறுக்க வேண்டும்.

இந்த நோயாளியில் ஓர் எச்சரிக்கையையும் எழுத வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் டிரஸ்ஸிங் திடீரென்று இளஞ்சிவப்புத் திரவத்தில் நனைந்தால், உள்ளே உறை பிரிகிறது என்று பொருள். பஞ்சை மாற்றிவிட்டுப் போகக் கூடாது. குடல் வெளியே தெரிந்தால் ஈரமான சுத்தத் துணியால் மூடி, நேராக அறுவை அரங்கத்துக்கு அனுப்ப வேண்டும்.

7. ஷார்ட் நோட்ஸாக வந்தால்

ஐந்து மதிப்பெண்ணுக்கு 'டிலேய்டு பிரைமரி க்ளோஷர்' என்று மட்டும் கேட்டால் ஐந்தாம் படியில் உள்ள இரண்டு பத்திகளும் கோட்டுப் படமும் போதும். 'கிரானுலேஷன் திசு' என்று கேட்டால் அதில் என்னென்ன இருக்கிறது, ஆரோக்கியமானதும் கெட்டதும் பார்க்க எப்படி இருக்கும் என்பது. 'கெலாய்டு' கேட்டால் ஹைப்பர்டிராஃபிக் தழும்போடு ஒப்பிட்டு எழுதுங்கள். ஹைப்பர்டிராஃபிக் தழும்பு காயத்தின் எல்லைக்குள் நிற்கும், நாளாக ஆகத் தணியும். கெலாய்டு எல்லையைத் தாண்டிச் சுற்றியுள்ள தோலுக்குள் பரவும், தானாகத் தணியாது, வெட்டி எடுத்தாலும் திரும்ப வரும். நெஞ்செலும்பின் மேல், காது மடல், தோள் ஆகியவை அது விரும்பும் இடங்கள்.

'தையல் பிரிக்கும் நாள்' என்று இரண்டு மதிப்பெண் கேள்வியும் வரும். முகம் 3 முதல் 5 நாள், தலை 7, வயிறும் முதுகும் 7 முதல் 10, கைகால் 10 முதல் 14. ஸ்டீராய்டு எடுப்பவருக்கும் நீரிழிவுக்காரருக்கும் இதைவிடச் சில நாள் கூடுதலாக விட வேண்டும்.

8. எழுதிப் பழகுவதற்கான நேரம்

எனக்கு மொத்தம் நான்கு மாலைகள் ஆயின. முதல் மாலை புத்தக அத்தியாயம் மட்டும், குறிப்பு எடுக்காமல். இரண்டாவது மாலை பார்க்காமல் அந்தக் கோட்டைப் போடுவது. முதல்முறை செல்களின் வரிசை தப்பும், மூன்றாவது முறை தப்பாது. மூன்றாவது மாலை பத்துக் காரணிகளைச் சீட்டுகளில் எழுதிக் கலைத்து, ஒவ்வொன்றையும் எடுத்து எந்தக் கட்டம் என்று சொல்வது. அறைத் தோழி சீட்டை எடுக்க, நான் சொல்வேன். நான்காவது மாலை கடிகாரம் வைத்து 25 நிமிடத்தில் முழு விடை.

அப்படி எழுதியதை மறுநாள் மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன். கோட்டுப் படத்தில் மேக்ரோஃபேஜை முதல் நாளுக்கு நேராக வைத்திருந்தேன். அதை மட்டும் சிவப்புப் பேனாவால் மூன்றாம் நாளுக்கு நகர்த்திவிட்டு, தாளைத் திருப்பித் தந்தார். நீங்கள் வரையும்போது முதலில் சரிபார்க்க வேண்டிய இடம் அதுதான்: ஒன்றாம் நாளில் நியூட்ரோஃபில், மூன்றாம் நாளில் மேக்ரோஃபேஜ், ஏழாம் நாளில் ஃபைப்ரோபிளாஸ்ட்.